ஒரு வருஷம் தவணை கட்டியும் அசல் குறையலையா? அட்டவணையைப் பாருங்க!

‘‘மாடு வாங்க 2 லட்ச ரூபாய் கடன் எடுத்தோம். ஒரு வருஷமா ஒரு தவணைகூடத் தவறாம கட்டிட்டோம். கட்டின பணம் கிட்டத்தட்ட 80,000 ரூபாய். ஆனா, பாக்கி 1,41,000 ரூபாய்னு சொல்றாங்க. மிச்சப் பணம் எங்கே போச்சு?’’

கடன் வாங்கிக் கறவை மாடு வளர்க்கும் பல வீடுகளில் எழும் சந்தேகம் இது. இதில் வங்கி ஏமாற்றியிருக்கிறதா, இல்லையா என்பதை யாரிடமும் கேட்காமலே கண்டுபிடிக்கலாம். கடன் கொடுக்கும்போது தரப்படும் ‘திருப்பிச் செலுத்தும் அட்டவணை’யும், செல்போனில் இருக்கும் கால்குலேட்டரும் போதும்.

பயிர்க்கடனை அறுவடைக்குப் பிறகு மொத்தமாகக் கட்டுவதால், அதற்கு மாத அட்டவணை இருக்காது. மாதாமாதம் பால் பணம் வரும் கறவை மாட்டுக் கடன், வண்டிக் கடன் போன்றவற்றுக்குத்தான் மாதத் தவணை. அந்த அட்டவணையில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரி இருக்கும். அதில், தவணைத் தொகை, அதில் வட்டிக்குப் போவது, அசலுக்குப் போவது, மீதிக் கடன் ஆகியவை இருக்கும்.

மேலே சொன்ன கடனையே எடுத்துக்கொள்வோம். தொகை 2,00,000 ரூபாய். ஆண்டு வட்டி 12 சதவிகிதம். அதாவது, ஊர் வழக்கில் ‘நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி’. 36 மாதங்களில் கட்ட வேண்டும். மாதத் தவணை 6,643 ரூபாய்.

| மாதம் | வட்டி (ரூ.) | அசல் (ரூ.) | மீதிக் கடன் (ரூ.) |
|---|---|---|---|
| 1 | 2,000 | 4,643 | 1,95,357 |
| 2 | 1,954 | 4,689 | 1,90,668 |
| 3 | 1,907 | 4,736 | 1,85,932 |
| 12 | 1,463 | 5,180 | 1,41,115 |

ஒரு வரியைச் சரிபார்ப்பது எப்படி?

முந்தைய மாத மீதிக் கடனை ஆண்டு வட்டி விகிதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, பிறகு 12-ஆல் வகுக்க வேண்டும். அதுதான் அந்த மாத வட்டி. முதல் மாதம் 2,00,000 ரூபாய்க்கு 2,000 ரூபாய். தவணையான 6,643 ரூபாயில் இதைக் கழித்தால் வரும் 4,643 ரூபாய் அசலுக்குப் போகிறது. அசலில் அவ்வளவு குறைந்து, மீதிக் கடன் 1,95,357 ரூபாய் ஆகிறது. இரண்டாம் மாதம் இந்தத் தொகைக்குத்தான் வட்டி போட வேண்டும். அதனால்தான் வட்டி 1,954 ரூபாயாகக் குறைகிறது.

இப்படி மூன்று, நான்கு வரிகளைப் போட்டுப் பார்த்தாலே போதும். சில வங்கிகள் நாள் கணக்கில் வட்டி போடுவதால், 31 நாள் உள்ள மாதத்தில் சில பத்து ரூபாய் கூடலாம். கடன் கைக்கு வந்த தேதிக்கும் முதல் தவணைத் தேதிக்கும் இடையே ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால், முதல் வட்டி மட்டும் கொஞ்சம் அதிகமாக வரும். இவை தவறல்ல.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். 12 மாதங்களில் கட்டியது 79,716 ரூபாய். இதில் வட்டிக்குப் போனது 20,831 ரூபாய். அசலில் கழிந்தது 58,885 ரூபாய். எனவே பாக்கி 1,41,115 ரூபாய் என்பது சரியான கணக்குதான். கடன் அதிகமாக இருக்கும் ஆரம்ப மாதங்களில் வட்டிக்கு அதிகம் போகும், போகப்போகக் குறையும். கடைசி மாதத்தில் வட்டி சுமார் 66 ரூபாய்தான்.

தவணை 7,556 ரூபாய் என்றால்?

அதே 2 லட்சம், அதே 36 மாதம், அதே ‘12 சதவிகிதம்’ என்று சொல்லிவிட்டு, மாதம் 7,556 ரூபாய் கட்டச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. இங்கேதான் உஷாராக வேண்டும். இது ‘ஃப்ளாட் வட்டி’. அசல் குறைந்துகொண்டே வந்தாலும், மூன்று வருஷத்துக்கும் முழு 2 லட்சத்துக்கே வட்டி போடுகிறார்கள். வருஷத்துக்கு 24,000 வீதம் 72,000 ரூபாய் வட்டி. முதலில் சொன்ன முறையில் மொத்த வட்டியே 39,000 ரூபாய் சொச்சம்தான். வித்தியாசம் ஏறக்குறைய 33,000 ரூபாய்!

அட்டவணையில் இதை இரண்டு விதமாகக் கண்டுபிடிக்கலாம். சில அட்டவணைகளில், எல்லா மாதமும் வட்டி 2,000 ரூபாய் என்றே இருக்கும். மீதிக் கடன் குறைந்தும் வட்டி குறையவில்லை என்றால், அது ஃப்ளாட் வட்டி.

வேறு சில அட்டவணைகளில் வட்டி மாதாமாதம் குறைந்துகொண்டுதான் வரும். ஆனால், முதல் மாத வட்டியே 3,534 ரூபாய் என்று இருக்கும். அதை 12-ஆல் பெருக்கினால் 42,408. அதைக் கடன் தொகையான 2,00,000-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 21.2. ஆக, உண்மையான வட்டி 12 அல்ல, 21 சதவிகிதத்துக்கும் மேல். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று நம்பி, ஒன்றேமுக்கால் ரூபாய் வட்டிக்குக் கையெழுத்துப் போட்டதாகத்தான் அர்த்தம். கையெழுத்துக்கு முன்பு முதல் வரியை மட்டுமாவது இப்படிப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

கேட்டு வாங்க வேண்டிய தாள்

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 1.10.2024 முதல் தனிநபர்களுக்கும் சிறுதொழில்களுக்கும் புதிதாகத் தரும் தவணைக் கடன்களுக்கு, ‘முக்கிய விவர அறிக்கை’ ஒன்றை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தர வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். தவணை அட்டவணையும் அதோடு இருக்க வேண்டும். அதில் ‘ஏ.பி.ஆர்’ என்று ஒரு விகிதம் இருக்கும். வட்டியோடு, பரிசீலனைக் கட்டணம், காப்பீடு போன்ற செலவுகளையும் சேர்த்து, வருஷத்துக்கு எவ்வளவு ஆகிறது என்பதை அது சொல்லும். இரண்டு இடங்களில் கடன் விசாரித்தால், சொல்லும் வட்டியை ஒப்பிடாமல் இந்த விகிதத்தை ஒப்பிடுவதே சரி.

அட்டவணை வேறு, கணக்கு வேறு!

அட்டவணை என்பது முன்கூட்டியே போட்ட திட்டம். உண்மையில் நடந்ததைக் காட்டுவது ‘கடன் கணக்கு அறிக்கை’. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை வாங்கி, அதே மாதத்துக்கான அட்டவணை வரியோடு வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் மீதிக் கடன் ஒத்துப்போனால் கவலை இல்லை.

கன்று விற்ற பணத்தில் 12-ம் மாதம் 20,000 ரூபாய் கூடுதலாகக் கட்டியதாக வைத்துக்கொள்வோம். மீதிக் கடன் 1,21,115 ரூபாயாகக் குறைய வேண்டும். அடுத்த மாத வட்டி 1,411 ரூபாய்க்குப் பதில் 1,211 ரூபாய்தான் வர வேண்டும். பழைய வட்டியே ஓடினால், அந்தப் பணத்தை அசலில் கழிக்காமல், வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக வைத்திருக்கலாம். அதனால், கூடுதல் பணம் கட்டும்போதே ‘அசலில் வரவு வைக்கவும்’ என்று எழுதிக் கொடுத்து, திருத்திய அட்டவணையை வாங்கிவிட வேண்டும்.

தவணை தாமதமான மாதங்களில், கணக்கில் ‘அபராதக் கட்டணம்’ என்று தனி வரி வரும். அந்தக் கட்டணத்தை அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

கணக்கு இடித்தால், எந்த மாதத்து வரி, எவ்வளவு வித்தியாசம் என்று குறிப்பிட்டுக் கிளைக்கு எழுத்து மூலம் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அங்கே பேசும்போது, ‘வட்டி அதிகமா தெரியுது’ என்று சொல்வதைவிட, ‘13-ம் மாத வட்டி 1,211 ரூபாய் வரணும், 1,411 ரூபாய் போட்டிருக்கீங்க’ என்று சொன்னால்தான் எடுபடும்.