நூறு சதவீதம் என்று வந்த திங்கட்கிழமை மின்னஞ்சல்

இணையத்தில் துணி விற்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். திங்கள் காலை 9 மணிக்கு விற்பனை மேலாளருக்கு ஐ.டி. குழுவிடமிருந்து வாராந்தர மின்னஞ்சல் வருகிறது. ‘சென்ற வாரம் அப்டைம் 100 சதவீதம்’ என்கிறது முதல் வரி. அப்டைம் என்றால் தளம் தடையின்றி இயங்கிய நேரம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை முழுக்க, பணம் கட்ட முடியவில்லை என்று வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் அவரை அழைத்துக்கொண்டே இருந்தார்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை. கண்காணிப்பு மென்பொருள் நிமிடத்துக்கு ஒருமுறை தளத்தின் முகப்புப் பக்கத்தைத் தட்டிப் பார்க்கும். முகப்பு வாரம் முழுவதும் திறந்தது. அன்று படுத்துவிட்டது பணம் கட்டும் பக்கம்; அதைத் தட்டிப் பார்க்க யாரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. கடையின் வாசல் திறந்திருந்தது, கல்லாவில் ஆள் இல்லை.

கண்காணிப்பே ஏமாற்றிய கதை பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் S3 சேமிப்புச் சேவை, ஓர் ஊழியர் கட்டளை ஒன்றைத் தவறாக உள்ளிட்டதால், அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் முடங்கியது. எந்தச் சேவை எப்படி இருக்கிறது என்று காட்டும் பலகையும் அதே S3-ஐ நம்பியிருந்ததால், முதல் இரண்டு மணி நேரம் சேவைகளின் நிலையை அதில் மாற்றவே முடியவில்லை. நடந்ததை ட்விட்டர் வழியாகச் சொன்னார்கள்.

துணிக்கடைக்கு வருவோம். பணம் கட்டும் பக்கம் முடங்கியது இரவு 7.00 முதல் 7.45 வரை. ஒரு வாரத்துக்கு 10,080 நிமிடங்கள். அதில் 45 நிமிடம் போனால் அப்டைம் 99.55 சதவீதம். பள்ளித் தேர்வு மதிப்பெண் போலப் பார்த்தால் பிரமாதம்தான். ஆனால் அந்த வாரம் ஆர்டர் போட முயன்றவை 20,000 என்றும், அந்த 45 நிமிடத்தில் தோற்றவை 600 என்றும் வைத்துக்கொண்டால், நூற்றில் மூன்று ஆர்டர் கைநழுவியிருக்கிறது. இதே 45 நிமிடம் செவ்வாய் அதிகாலை 3 மணிக்கு நின்றிருந்தால் பத்து ஆர்டர்கூடப் போயிருக்காது. சதவீதம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே மேலாளருக்குப் போகும் அறிக்கையில் எத்தனை நிமிடம், எந்த நேரம், எத்தனை பேர் என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

இதே வாரத்தை இப்படி எழுதியிருக்கலாம்:

“நிலை: மஞ்சள். வெள்ளி இரவு 7.00 முதல் 7.45 வரை பணம் கட்டும் பக்கம் வேலை செய்யவில்லை. 600 ஆர்டர்கள் தடைப்பட்டன. சலுகை விற்பனையில் கூட்டம் கூடியதால், தரவுத்தளம் ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகளின் வரம்பு நிறைந்துவிட்டது. எங்களுக்குத் தெரிந்தது 7.20-க்கு, அதுவும் வாடிக்கையாளர் அழைத்த பிறகு. வரம்பை உயர்த்திவிட்டோம், பணம் கட்டும் பக்கத்தையும் புதன்கிழமைக்குள் கண்காணிப்பில் சேர்க்கிறோம். உங்களிடம் கேட்பது: சலுகை அறிவிப்பதற்கு இரண்டு நாள் முன்பே எங்களுக்குச் சொல்லுங்கள்.”

இதில் மிகவும் பயனுள்ள வரி 7.20 என்பது. பழுது நீடித்த 45 நிமிடத்தில் முதல் 20 நிமிடம் யாருக்கும் தெரியாமலே கழிந்திருக்கிறது. வேகமாகச் சரிசெய்வதைவிட முன்னதாகத் தெரிந்துகொள்வதில்தான் அதிகம் மிச்சப்படும் என்பது மேலாளருக்கு அந்த ஒரு வரியிலேயே விளங்கும். கடைசி வரி, அவர் கையில் இருக்கும் வேலையை அவரிடம் சேர்க்கிறது.

இவையெல்லாம் நடந்து முடிந்தவை. வரப்போவதைச் சொல்வது போக்கு. சர்வரின் வட்டில் 80 சதவீத இடம் நிரம்பியிருக்கிறது என்றால் அது வெறும் எண். நான்கு வாரமாக 71, 74, 77, 80 என்று ஏறியிருக்கிறது என்றால், இன்னும் நான்கு வாரத்தில் 90-ஐத் தாண்டும் என்று யாரும் கணக்கிட்டுவிடலாம். கூடுதல் இடத்துக்கு இன்றே ஒப்புதல் கேட்கலாம். ஒரு வார ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்துப் போக்கு என்று எழுதக் கூடாது. பண்டிகை வாரத்தில் தளம் மெதுவாவது இயல்பு. அதைச் சென்ற வாரத்தோடு ஒப்பிட்டால் வீண் பதற்றம்தான் மிஞ்சும். முந்தைய பண்டிகை வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்த திங்கள் உங்கள் மேசைக்கு இப்படியோர் அறிக்கை வந்தால், பச்சை நிறத்தைப் பார்த்து மூடிவிடாதீர்கள். எந்தப் பக்கத்தைச் சோதித்து இந்த எண்ணை எடுத்தீர்கள் என்று அனுப்பியவரிடம் கேளுங்கள்.