"இன்றைய பவுன் விலை என்ன?": திகதியும் ஊரும் இல்லாத கேள்வியும் நமது ஸகாத் கணக்கும்

ரமழான் நெருங்கும்போது வட்ஸ்அப் குழுமங்களில் தவறாமல் வரும் ஒரு கேள்வி உண்டு: "இப்போ பவுன் என்ன விலை? ஸகாத் எவ்வளவுக்கு மேல் கடமை?" சில நிமிடங்களில் யாராவது ஒரு தொகையை அனுப்புவார். அதற்குத் திகதி இருக்காது, எந்த நாட்டு விலை என்பதும் இருக்காது. அது 22 கரட்டா 24 கரட்டா என்றும் சொல்லப்பட்டிருக்காது. பொல்பிட்டியவில் இருந்து கேட்டவருக்குச் சென்னையிலிருந்து வந்த விலையும் கிடைக்கலாம், மூன்று மாதங்களுக்கு முந்திய கொழும்பு விலையும் கிடைக்கலாம். இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரியான எண்களே.

அலகு எழுதாத விடைக்கு நான் வகுப்பில் முழுப் புள்ளி கொடுப்பதில்லை. "எட்டு" என்று எழுதிய பிள்ளையிடம் "எட்டு என்ன? மீற்றரா, கிலோவா?" என்று கேட்பேன். பவுன் விலைக்கும் அதே விதிதான். அதற்கு அலகு ஒன்றல்ல, ஐந்து இருக்கின்றன: திகதி, நாடு, கரட், நிறை, எந்த வகை விலை என்பது. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் அந்த எண்ணை வைத்து ஒரு கடமையைத் தீர்மானிக்க முடியாது.

முதலில் நாட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டிலும் பவுன் என்றால் 8 கிராம், இலங்கையிலும் 8 கிராம்தான். இரண்டு இடத்திலும் பணத்தின் பெயர் ரூபாய். குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. இந்திய ரூபாய் ஒன்று நமது மூன்று ரூபாய்க்கும் அதிகம். ஆகவே அங்கிருந்து வரும் பவுன் விலை நமது விலையின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தெரியும். நாணயத்தை மாற்றிக்கொண்டாலும் இரண்டும் ஒன்றாகிவிடாது. 2024 ஜூலை 23 அன்று இந்திய வரவு செலவுத் திட்டத்தில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 வீதத்திலிருந்து 6 வீதமாகக் குறைத்தார்கள். சென்னையில் அன்றே பவுனுக்கு 2,000 இந்திய ரூபாய்க்கு மேல் விலை இறங்கியது. அது அந்த நாட்டு வரியால் ஏற்பட்ட இறக்கம். "தங்கம் சரிந்தது" என்ற அன்றைய தமிழ்ச் செய்தி உண்மையானதுதான். ஆனால் ஹட்டனில் நகை வாங்கப் போனவருக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

அடுத்தது திகதி. நாம் எல்லோரும் அனுபவித்த 2022ஆம் ஆண்டையே உதாரணமாக எடுப்போம். அந்த ஆண்டு மார்ச் தொடக்கம் வரை ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி அந்தப் பிடியைத் தளர்த்தியது. ஏப்ரல் தொடக்கத்தில், அதாவது நாம் நோன்பு பிடிக்கத் தொடங்கிய நாட்களில், டொலர் 300 ரூபாயை நெருங்கியது. மே நடுப்பகுதியில் அது 360 ரூபாயாயிற்று.

உலகச் சந்தையில் தங்கத்தின் விலை அவுன்ஸ் கணக்கில் சொல்லப்படும். அந்த அவுன்ஸ் 31.1 கிராம். கணக்கு எளிதாக இருக்க, அந்த மாதங்கள் முழுவதும் ஒரு அவுன்ஸ் 1,900 டொலர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 24 கரட் தங்கம் 8 கிராமின் பெறுமதி சுமார் 489 டொலர். டொலர் 200 ரூபாயாக இருந்தபோது அது ஏறத்தாழ 97,700 ரூபாய். 300 ரூபாயானபோது 146,600 ரூபாய். 360 ரூபாயானபோது 175,900 ரூபாய். உலகில் தங்கம் அசையவில்லை என்று வைத்தே கணக்குப் பார்த்தோம். அப்படியிருந்தும் இங்கே பத்து வாரங்களில் பவுன் முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிட்டது. பெப்ரவரியில் எழுதப்பட்ட ஒரு செய்தி மே மாதத்தில் கைமாறினால், எழுதியவர் பொய் சொல்லாமலேயே வாசிப்பவர் ஏமாறுவார்.

இதை இனி ஸகாத்தோடு பொருத்திப் பார்ப்போம். தங்கத்தின் நிஸாப் 20 மிஸ்கால். இன்றைய அறிஞர்கள் பலர் இதை 85 கிராம் என்று கணிக்கிறார்கள். தோலாக் கணக்கில் ஏழரைத் தோலா, அதாவது 87.48 கிராம் என்போரும் உண்டு. நம்மவர்கள் சுருக்கமாகப் "பதினொரு பவுன்" என்று சொல்வது அந்த இரண்டாம் கணக்கை ஒட்டியது.

ஒருவரிடம் சென்ற ரமழானிலிருந்து 12 இலட்சம் ரூபாய் சேமிப்பு அசையாமல் இருக்கிறது, வேறு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். டொலர் 200 ரூபாயாக இருந்த காலத்து விலையில் 85 கிராம் தங்கம் சுமார் 10 இலட்சத்து 38 ஆயிரம். அவரது பணம் நிஸாபைத் தாண்டிவிட்டது, 30,000 ரூபாய் கடமை. டொலர் 300 ரூபாயானபோது அதே 85 கிராம் சுமார் 15 இலட்சத்து 58 ஆயிரம். இப்போது அவரது பணம் தங்க நிஸாபுக்குக் கீழே நிற்கிறது. பழைய விலையைப் பார்த்தவருக்குக் கடமையாகத் தோன்றியது, அன்றைய விலையைப் பார்த்தவருக்குத் தங்கக் கணக்கில் கடமையாகவில்லை.

இதோடு விடயம் முடியவில்லை. பணத்துக்கு வெள்ளியின் நிஸாபையே அளவாகக் கொள்ள வேண்டும் என்று சொல்லும் அறிஞர்கள் பலர் இருக்கிறார்கள். அது 595 கிராம் வெள்ளி. அதன் பெறுமதி தங்க நிஸாபை விட மிகக் குறைவு. அந்தக் கணக்கில் இந்த 12 இலட்சம் இரண்டு விலையிலும் நிஸாபைத் தாண்டியே இருக்கும். எதைப் பின்பற்றுவது என்பதை உங்கள் பள்ளி இமாமிடம் அல்லது நம்பிக்கையான ஆலிமிடம் கேளுங்கள். அந்தத் தீர்ப்பை வழங்குவது ஆசிரியரான எனது வேலையல்ல.

ஸகாத்தில் "இன்று" என்ற சொல்லும் தனியே விளக்கம் கேட்கிறது. நிஸாபைத் தாண்டிய செல்வம் ஒரு சந்திர வருடம் நம்மிடம் இருக்க வேண்டும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது உங்களுடைய வருடம் பூர்த்தியாகும் நாளின் விலை. ஸகாத்தைப் பிறகு கொடுத்தால், கொடுக்கும் நாளின் விலையா கடமையான நாளின் விலையா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எந்தக் கருத்தை எடுத்தாலும் அது ஒரு திகதியைக் கேட்கிறது. சந்திர வருடம் 354 அல்லது 355 நாட்கள் என்பதால் அந்தத் திகதி ஆங்கில நாட்காட்டியில் ஒவ்வோர் ஆண்டும் 10 முதல் 12 நாட்கள் வரை முன்னே வரும். "போன வருசம் ஏப்ரல் பதினாலு, இந்த வருசமும் அதே" என்று எழுதி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கரட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். அதன் விலை 24 கரட்டின் விலையில் ஏறத்தாழ 92 வீதமாக இருக்கும். எந்த வகை விலை என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கடைக்காரர் நமக்கு விற்கும் விலை ஒன்று, அதில் கூலியும் சேரும். நம்மிடம் அவர் வாங்கும் விலை வேறு, அது குறைவு. அடகு பிடிக்கும் இடம் பவுனுக்குக் கொடுக்கும் முற்பணம் மூன்றாவது, அது இன்னும் குறைவு. "பவுனுக்கு இவ்வளவு" என்ற விளம்பரம் பெரும்பாலும் இந்த மூன்றாவதைச் சொல்கிறது. அதை விலை என்று எடுத்துக் கணக்குப் பார்த்தால் நிஸாப் தாழ்ந்துவிடும்.

கைக்கு வந்த ஒரு செய்தியை எப்படிச் சோதிப்பது? கிராம் விலையும் பவுன் விலையும் சேர்ந்து இருந்தால் முதலாவதை எட்டால் பெருக்குங்கள். இரண்டாவது வர வேண்டும். 22 கரட் விலையை 24 கரட் விலையால் வகுத்தால் 0.92 அளவில் வர வேண்டும். பிறகு உலக அவுன்ஸ் விலையை 31.1 ஆல் வகுத்து, எட்டால் பெருக்கி, அன்றைய டொலர் விலையால் பெருக்குங்கள். நமது சந்தை விலை இதோடு அப்படியே ஒத்துப்போகாது. ஆனால் செய்தியில் உள்ள எண் இதில் மூன்றில் ஒன்றாக இருந்தால் அது இந்திய ரூபாய். பாதியாகவோ முக்காலாகவோ இருந்தால் அது பழையதாக இருக்கலாம். இந்தக் கணக்கு பிழையைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும்தான். ஸகாத்துக்கு எடுக்க வேண்டியது கொழும்பு செட்டியார் தெருவின் அல்லது உங்கள் ஊர் நகைக் கடையின் அன்றைய விலை. ஞாயிற்றுக்கிழமை கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் வெள்ளி இரவு உலகச் சந்தை மூடியபோதிருந்த விலையை ஒட்டியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவும் கேட்பவருக்கு. பதில் சொல்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. உண்மையான பதில் இப்படி இருக்கும்: "நான் கடைசியாகக் கேட்டது போன வியாழன், செட்டியார் தெரு, 24 கரட், ஒரு பவுன், கடை விற்கும் விலை. இன்றைய விலை எனக்குத் தெரியாது." இந்தக் கடைசி வசனத்தைச் சொல்ல நாம் வெட்கப்படுகிறோம். ஆனால் கியாமத் நாள் எப்போது என்று ஜிப்ரீல் (அலை) கேட்டபோது, கேட்கப்பட்டவர் கேட்பவரை விட அதிகம் அறிந்தவரல்லர் என்ற கருத்தில்தான் நமது நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் வந்த பல கேள்விகளுக்குத் தெரியாது என்று சொன்னதை நமது மத்ரஸாக்களில் இன்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அறிவு இல்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்று சூரா அல்-இஸ்ராவும் நம்மைத் தடுக்கிறது.

"நோன்புக்குள் விலை இறங்குமா? இப்போ வித்திடலாமா?" என்று கேட்கிறார்கள். இதற்குத் திகதியும் ஊரும் சேர்த்துக் கேட்டாலும் பதில் கிடையாது. விலையை அசைப்பவை உலகச் சந்தை, டொலர், அரசாங்கத்தின் வரி என்று சொல்லலாம். அவை நாளை எந்தப் பக்கம் போகும் என்பதைச் செட்டியார் தெருவில் ஆயுள் முழுவதும் கடை நடத்தியவரும் அறியமாட்டார். நாளை தான் எதைச் சம்பாதிக்கும் என்பதை எந்த ஆன்மாவும் அறியாது என்று சூரா லுக்மானின் இறுதி வசனம் சொல்கிறது.

தோட்டத்தில் கொழுந்து பறித்துச் சீட்டுப் பிடித்து இரண்டு பவுன் சேர்த்த ஒரு தாய், பழைய விலையை நம்பி அதை அரை விலைக்குக் கொடுத்துவிடக் கூடும். ஸகாத் பெற வேண்டிய ஓர் ஏழை, பிழையான நிஸாபால் தன் பங்கை இழக்கக் கூடும். அடுத்த முறை குழுமத்தில் விலை கேட்கும்போது இப்படி எழுதுங்கள்: "இன்று, இந்தத் திகதி, கொழும்பில், 24 கரட், ஒரு பவுன், கடை விற்கும் விலை யாருக்காவது தெரியுமா?" தெரிந்தவர் மட்டும் பதில் சொல்லட்டும்.