பழைய ஃபார்வர்ட் காண்ட்ராக்ட்: இன்னைக்கு அதோட மதிப்பு என்ன?

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் வேலையில இருந்தீங்கன்னா, "நாம புக் பண்ண ஃபார்வர்ட் இப்ப லாபமா, நஷ்டமா?"ன்னு முதலாளி ஒருநாள் கேட்பார். பதிலை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு 2013-ஐ வச்சே பார்ப்போம்.

அந்த வருஷம் மே தொடக்கத்தில் ஒரு டாலர் கிட்டத்தட்ட 54 ரூபாய். ஆகஸ்ட் 28-ஆம் தேதி 68-ஐத் தாண்டிடுச்சு. ஒரு ஷூ கம்பெனி மே மாசம், "நவம்பர் கடைசியில் 1,00,000 டாலர் தர்றோம், டாலருக்கு 55.50 ரூபாய் கொடுங்க"ன்னு பேங்க்கோட ஒப்பந்தம் போட்டதா வச்சுப்போம். (ஃபார்வர்ட் விலைகளும் வட்டியும் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டவை.) அன்னைக்கு மார்க்கெட் ஃபார்வர்ட் விலையும் அதுதான். அதனால காண்ட்ராக்ட்டோட மதிப்பு பூஜ்யம்.

ஆகஸ்ட் கடைசிக்கு வருவோம். ஸ்பாட் விலை 68. அதே நவம்பர் கடைசிக்கான புது ஃபார்வர்ட் விலை 69.50. இங்கதான் பலர் 68-லிருந்து 55.50-ஐக் கழிச்சு 12.50 லட்சம் நஷ்டம்னு சொல்லிடறாங்க. அது தப்பு. டாலர் கைமாறப் போறது இன்னைக்கு இல்ல, நவம்பர்ல. அதனால ஒப்பிட வேண்டியது அதே தேதிக்கான இன்றைய ஃபார்வர்ட் விலையோடதான்.

ஏன்னு பாருங்க. கம்பெனி இந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியே வரணும்னா, நவம்பருக்கு 1,00,000 டாலரை இன்னைக்கே 69.50-க்கு வாங்க ஒப்பந்தம் போடணும். நவம்பர்ல வாங்குற டாலரும் விக்கிற டாலரும் சரியாப் போயிடும். மிஞ்சுறது டாலருக்கு 14 ரூபாய் நஷ்டம், மொத்தம் 14,00,000 ரூபாய்.

ஆனா இது மூணு மாசம் கழிச்சுக் கட்ட வேண்டிய பணம். வருஷ வட்டி 8% என்றால் மூணு மாசத்துக்கு 2%. 14,00,000-ஐ 1.02-ஆல் வகுத்தா 13,72,549 ரூபாய். கம்பெனிக்கு இந்தக் காண்ட்ராக்ட்டோட இன்றைய மதிப்பு அவ்வளவு மைனஸ். பேங்க்குக்கு அதே தொகை பிளஸ்.

```
மதிப்பு = (K − F) × டாலர் ÷ (1 + r × t)
```

K பேசிய விலை, F அதே தேதிக்கான இன்றைய ஃபார்வர்ட் விலை, r வருஷ வட்டி, t மீதியுள்ள காலம் (வருஷக் கணக்கில்). இது டாலரை விக்கிறவருக்கான கணக்கு. வாங்குறவருக்கு F − K.

அப்போ முதலாளி கையிலிருந்து 13.72 லட்சம் போயிடுச்சா? ஆர்டருக்கான டாலர் நவம்பர்ல வந்துட்டா, இல்ல. அவர் எதிர்பார்த்த 55.50 அப்படியே கிடைக்கும். கூடுதல் லாபம்தான் கைநழுவிப் போச்சு. ஆனா வெளிநாட்டு பையர் ஆர்டரை ரத்து பண்ணிட்டா, கொடுக்க டாலர் இருக்காது. அப்போ காண்ட்ராக்ட்டை கேன்சல் பண்ணணும், இந்த நஷ்டம் நிஜப் பணமா வெளியே போகும். பேங்க் தன்னோட விற்பனை விலையில கணக்குப் போட்டு, கட்டணமும் சேர்க்கும். அதனால கட்டுற தொகை இன்னும் கொஞ்சம் கூடலாம்.

முதலாளி கேட்டா, மதிப்போட நிறுத்தாதீங்க. அந்த ஆர்டர் இன்னும் உறுதியா இருக்கான்னும் சேர்த்துச் சொல்லுங்க.