மறைந்துபோகும் விற்பனைக் கணக்கும் ஹாஷ் செய்த மின்னஞ்சலும்

இணையத்தில் விளம்பரம் செய்யும் கடைக்கு முதலில் தெரிய வேண்டியது, எந்த விளம்பரம் எந்த விற்பனையைக் கொண்டுவந்தது என்பதுதான். விளம்பரத்தைக் கிளிக் செய்தவர் பொருளை வாங்கினால் அதை விளம்பரத் துறையில் ‘கன்வர்ஷன்’ என்பார்கள். உலாவிகள் கொண்டுவந்த கட்டுப்பாடுகளால் இந்தக் கணக்கில் ஒரு பகுதி விடுபட்டுப்போகிறது. விடுபட்டதை மீட்க, வாடிக்கையாளர் கடையிடம் நேரடியாகத் தந்த மின்னஞ்சல், தொலைபேசி எண் போன்ற விவரங்களை உருமாற்றிப் பயன்படுத்தும் முறைக்குக் கூகுள் ஆட்ஸில் ‘என்ஹான்ஸ்டு கன்வர்ஷன்ஸ்’ என்று பெயர்.

வழக்கமான கணக்கு நடப்பது இப்படி. கூகுள் தேடலில் வரும் விளம்பரத்தைக் கிளிக் செய்ததும், கடையின் முகவரியோடு gclid என்ற நீண்ட அடையாளச் சரம் ஒட்டிக்கொண்டு வருகிறது. கடையின் பக்கத்தில் உள்ள கூகுள் டேக் அதைப் படித்து, _gcl_aw என்ற குக்கியில் எழுதி வைக்கிறது. குக்கி என்பது உலாவியில் தங்கும் சிறு பதிவு. இந்தக் குக்கிக்குக் கூகுள் வைத்திருக்கும் ஆயுள் 90 நாள். வாங்கி முடித்ததும் வரும் நன்றிப் பக்கத்தில் டேக் குக்கியைத் திறந்து பார்த்து, ‘இந்தக் கிளிக்கில் வந்தவர் வாங்கிவிட்டார்’ என்று கூகுளுக்குச் செய்தி அனுப்புகிறது.

இந்தச் சங்கிலி சஃபாரி உலாவியில் அறுபடுகிறது. ஆப்பிள் 2017இல் கண்காணிப்புத் தடுப்பு வசதியைச் சஃபாரியில் சேர்த்தது. 2019இல் அதை இறுக்கி, பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுதும் குக்கிகளின் ஆயுளை 7 நாளாகக் குறைத்தது. கண்காணிப்புத் தளமாக வகைப்படுத்தப்பட்ட ஒன்றிலிருந்து, அடையாளச் சரம் ஒட்டிய இணைப்பின் வழியே வந்தவருக்கு 24 மணி நேரம்தான். 2020இல் பிற தளங்களின் குக்கிகள் முழுவதுமாகத் தடுக்கப்பட்டன. 2023இல் வந்த சஃபாரி 17, தனிப்பட்ட உலாவலின்போது முகவரியிலிருந்து gclid போன்ற சரங்களையே வெட்டி எறியத் தொடங்கியது.

ஒரு கற்பனை உதாரணம் இதைத் தெளிவாக்கும். ஒருவர் மாதத்தின் 1ஆம் தேதி, ஐபோனில் சேலை விளம்பரத்தைக் கிளிக் செய்து கடைக்குள் வருகிறார், பார்த்துவிட்டு மூடிவிடுகிறார். 10ஆம் தேதி அதே போனில் கடையின் முகவரியைத் தானே தட்டச்சு செய்து, 3,200 ரூபாய்க்குச் சேலை வாங்குகிறார். அதற்குள் குக்கி அழிந்துவிட்டது. நன்றிப் பக்கத்தில் டேக் இயங்கினாலும் கையில் gclid இல்லை. பணம் கடைக்கு வந்துவிட்டது. விளம்பரக் கணக்கில் மட்டும் அந்த விற்பனை ஏறவில்லை. ஏலத் தொகையைத் தானே தீர்மானிக்கும் கூகுளின் இயந்திரம் இந்தக் கணக்கைத்தான் நம்புகிறது. யோசித்து வாங்குகிற ஐபோன்காரர்கள் வாங்காதவர்களாகவே அதற்குத் தெரிவதால், அவர்களுக்காகச் செலவிடுவதை அது குறைத்துவிடக்கூடும்.

ஆனால் சேலை வாங்கியவர் பில் போடும்போது தன் மின்னஞ்சலைக் கொடுத்திருக்கிறார். மீட்பு அங்கிருந்து தொடங்குகிறது. முதலில் மின்னஞ்சலை ஒரே சீராக்க வேண்டும்: முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை நீக்கி, எல்லாவற்றையும் சிற்றெழுத்தாக்க வேண்டும், ஜிமெயில் முகவரியானால் @ குறிக்கு முன்னுள்ள புள்ளிகளையும் எடுத்துவிட வேண்டும். தொலைபேசி எண்ணானால் இந்தியாவுக்கு +91 சேர்த்து, இடைவெளியில்லாமல் எழுத வேண்டும். பிறகு ஷா-256 என்ற கணிதச் செயல்முறை, அதை 64 எழுத்துகள் கொண்ட சரமாக மாற்றுகிறது. இதுதான் ஹாஷ். test@example.com என்ற முகவரியின் ஹாஷ் இது:

```
973dfe463ec85785f5f95af5ba3906eedb2d931c24e69824a89ea65dba4e813b
```

எங்கே, யார் கணக்கிட்டாலும் இதே விடைதான் வரும். ஓர் எழுத்தைப் பெரிய எழுத்தாக விட்டாலும் விடை அடியோடு மாறிவிடும். சீராக்கல் அவ்வளவு முக்கியமாவது அதனால்தான்.

டேக் இந்த ஹாஷை விற்பனைச் செய்தியோடு அனுப்புகிறது. கூகுள் தன் கணக்குதாரர்களின் மின்னஞ்சல்களுக்கும் ஹாஷ் வைத்திருக்கிறது, இரண்டையும் ஒப்பிடுகிறது. சேலை வாங்கியவர் 1ஆம் தேதி கிளிக் செய்தபோது தன் கூகுள் கணக்கில் உள்நுழைந்திருந்து, பில்லில் கொடுத்ததும் அதே கணக்கின் முகவரியாக இருந்தால் பொருத்தம் கிடைக்கும். குக்கி இல்லாமலே 10ஆம் தேதி விற்பனை 1ஆம் தேதி கிளிக்கின் கணக்கில் சேரும்.

கடையின் பக்கத்தில் இதற்காக எழுத வேண்டியது சிறிதளவே. ஹாஷ் செய்யும் வேலையை உலாவியிலேயே டேக் பார்த்துக்கொள்ளும்:

```
gtag('set', 'user_data', {
  "email": customerEmail,
  "phone_number": customerPhone
});
```

இந்த வரிகள் கன்வர்ஷன் செய்தி புறப்படுவதற்கு முன்பே இயங்கியாக வேண்டும். பெரும்பாலான கோளாறுகள் இங்கேதான் வருகின்றன. மின்னஞ்சல் பில் பக்கத்தில் வாங்கப்பட்டு, நன்றிப் பக்கத்துக்கு வந்து சேராமலே போவதும் உண்டு. குரோமின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, சோதனைக்கு ஒரு பொருள் வாங்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கன்வர்ஷன் கோரிக்கையில் em என்ற மாறி இருக்க வேண்டும். அதன் மதிப்பில் tv.1~em. என்பதற்குப் பின் நீண்ட சரம் வர வேண்டும். அதற்குப் பின் ஒன்றுமே இல்லையென்றால் மின்னஞ்சல் காலியாகப் போகிறது.

கடையே தன் சர்வரில் ஹாஷ் செய்து அனுப்பினால் இன்னொரு பிழைக்கு இடமுண்டு. காலி மதிப்புக்கும் ஒரு ஹாஷ் உண்டு. அது e3b0c442 என்று தொடங்கும். எல்லா ஆர்டர்களிலும் இதே சரம் தென்பட்டால், கடை வெற்றிடத்தைத்தான் ஹாஷ் செய்துகொண்டிருக்கிறது.

சரியாக அமைத்தாலும் எல்லாம் மீண்டு வராது. கூகுள் கணக்கில்லாத அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்தவர், உள்நுழையாமல் கிளிக் செய்தவர் ஆகியோருக்குப் பொருத்தம் கிடைக்காது. விளம்பரத் தடுப்பான் டேக்கையே முடக்கியிருந்தால் ஹாஷை எடுத்துச் செல்லச் செய்தியே இருக்காது.

ஹாஷ் செய்துவிட்டதால் தகவல் அநாமதேயமாகிவிட்டது என்று சிலர் சொல்வது சரியல்ல. ஹாஷிலிருந்து நேரடியாகப் பின்னோக்கிப் போக முடியாது, ஊகித்துப் பார்க்கலாம். இந்தியக் கைப்பேசி எண்கள் 6 முதல் 9 வரையுள்ள இலக்கத்தில் தொடங்குகிற பத்திலக்க எண்கள். மொத்தம் 400 கோடிதான் சாத்தியம். அத்தனைக்கும் ஹாஷ் கணக்கிட்டு ஒப்பிடுவது இன்றைய கணினிக்குப் பெரிய வேலையல்ல. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் 2024இல், ஹாஷ் செய்வது தரவை அநாமதேயமாக்காது என்று எச்சரித்தது. ஐரோப்பாவில் பயனரின் சம்மதம் இல்லாமல் இப்படி அனுப்பக் கூடாது; இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தையே அடித்தளமாகக் கொண்டது.

முடிவைப் படிக்கும் விதத்திலும் கவனம் தேவை. உதாரணமாக, கடையில் 100 ஆர்டர் வந்து, அதில் 40 மட்டும் விளம்பரக் கணக்கில் ஏறியிருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். மாற்றத்துக்குப் பின் அது 46 ஆனால் விற்பனை கூடிவிட்டதாகப் பொருளில்லை. ஆர்டர் அப்போதும் 100தான். ஏற்கெனவே நடந்த 6 விற்பனைகளுக்கு இப்போது காரணம் தெரிந்திருக்கிறது. ஆகவே மாற்றம் செய்த தேதியைக் குறித்து வைத்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைத் தனித்தனியே பார்ப்பதே சரியான கணக்கு.