36 ரன்னுக்கு ஆல் அவுட் ஆன நாளில்

2020 டிசம்பர் 19 அன்று அடிலெய்டு டெஸ்ட்டின் இரண்டாம் இன்னிங்ஸில் இந்தியா 36 ரன்னுக்குச் சுருண்டது. இந்திய டெஸ்ட் வரலாற்றில் அதைவிடக் குறைந்த ஸ்கோர் இல்லை. அப்படிப்பட்ட தோல்வியில் சக ரசிகரைத் தேற்ற முயல்பவர்களின் வாயில் முதலில் வருவது "இது வெறும் விளையாட்டுத்தானே" என்பதுதான். காலையிலேயே டிவி முன் உட்கார்ந்தவருக்கு அது ஆறுதலாக இருப்பதில்லை. அவர் கவலைப்படுவதே தவறு என்று சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. "பார்க்கவே முடியவில்லை" என்று உடன் வருந்துவது அதைவிட நல்ல தொடக்கம்.

அடுத்து எழும் கேள்வி, யாரால் தோற்றோம் என்பது. அதை 'என்ன நடந்தது' என்று மாற்றிவிட்டால் பழிக்கு இடமில்லாமல் போகும். அன்று ஸ்கோர் 15-ல் நின்றபோதே நான்கு விக்கெட்டுகள் விழுந்தன. புஜாரா, மயங்க் அகர்வால், ரஹானே மூவரும் மட்டை விளிம்பில் பட்டு விக்கெட் கீப்பர் டிம் பெயினிடம் கேட்ச் ஆனார்கள். இன்னிங்ஸ் முழுவதிலும் பெயின் பிடித்த கேட்சுகள் ஐந்து. ஹேசல்வுட் எட்டு ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்தார். பதினொரு பேரில் ஒருவர்கூட இரட்டை இலக்கம் தொடவில்லை என்னும்போது ஒருவரை மட்டும் பிடித்து உலுக்குவதில் அர்த்தமும் இல்லை. முதல் இன்னிங்ஸில் இதே அணி 53 ரன் முன்னிலை பெற்றிருந்ததையும் நினைவூட்டலாம்.

பழி மாறுவேடத்திலும் வரும். "அவனை எடுத்ததே தப்பு", "இவன் இருந்திருந்தால்" என்பவை ஆறுதல் போலத் தொடங்கி ஒரு வீரரின் தலையில் போய் முடிகின்றன. கேலி அப்படியல்ல. அன்றைய ரன்களை வரிசையாக எழுதினால் 49204084041 என்று வரும். அதை ஏதோ ஃபோன் நம்பர்போலப் பகிர்ந்து ரசிகர்கள் சிரித்தார்கள். சொந்த அணியை, தனி ஒருவரைச் சுட்டாமல் கிண்டலடித்ததால் அது வலியைக் குறைத்தது. எதிரணி ரசிகர் அனுப்பியிருந்தால் இதே எண் கோபத்தைத்தான் மூட்டியிருக்கும்.

பழைய தோல்வியும் கைகொடுக்கும். 1974-ல் லார்ட்ஸில் இந்தியா 42 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. அதைக் கேட்டு வளர்ந்த மூத்தவர் ஒருவர் "நாங்க அதையும் தாங்கினோம்" என்றால், அதில் போலி நம்பிக்கை இல்லை.

"அடுத்த மேட்ச்ல பார்த்துக்கலாம்" என்பதை மட்டும் அன்றே சொல்வது கடினம். கோலி தன் குழந்தையின் பிறப்புக்காக நாடு திரும்பவிருந்தார், முகமது ஷமியின் கை முறிந்திருந்தது. ரஹானே தலைமையில் மெல்போர்னிலும் பிரிஸ்பேனிலும் வென்று தொடரை 2-1 எனக் கைப்பற்றப் போகிறோம் என்பது அந்தச் சனிக்கிழமை யாருக்கும் தெரியாது.