படத்தில் மங்கிய அடுக்கு: ஈருறுப்பு விரிவுக் கணக்கைச் சரிபார்க்கும் வழி

பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து, "இதை எப்படிப் போடுவது?" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவது மாணவர்களுக்கு இன்று பழகிப்போன வேலை. ஈருறுப்புத் தேற்றப் பாடத்திலிருந்து வரும் படங்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வாக்கியங்கள் தெளிவாக இருக்கும். அடுக்குகள் மட்டும் மங்கியிருக்கும். பொடி எழுத்தில் அச்சாவதால், நடுமடிப்பின் நிழலும் கையின் அசைவும் முதலில் கெடுப்பது அவற்றைத்தான். அது 8ஆ 9ஆ, 2ஆ 3ஆ என்று தெரியாமல் போனால் கணக்கே போயிற்று.

ஆனால் "இந்த உறுப்பைக் காண்க", "இதன் கெழுவைக் காண்க" என்று கேட்கும் கணக்குகளில், எண்ணைச் சரியாகப் படித்தோமா என்பதைக் கணக்கை வைத்தே பெரும்பாலும் சோதித்துவிடலாம். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

(2x² − 1/x)⁹ என்பதன் விரிவில், (அ) x³-இன் கெழுவையும் (ஆ) x இல்லாத மாறிலி உறுப்பையும் காண்க.

படத்தில் வெளி அடுக்கு 9 போலவும் 8 போலவும் தெரிகிறது. உள்ளே x-இன் அடுக்கு 2 போலவும் 3 போலவும் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் 9, 2 என்றே எடுத்துக்கொண்டு கணக்கைப் போடலாம்.

ஒன்பதாம் அடுக்கு என்றால் (2x² − 1/x) என்ற அடைப்பை ஒன்பது முறை எழுதிப் பெருக்குகிறோம் என்று பொருள். ஒவ்வோர் அடைப்பிலிருந்தும் ஒன்றைத்தான் எடுக்க முடியும்: 2x² அல்லது −1/x. r அடைப்புகளில் −1/x-ஐ எடுத்தால், மீதி 9 − r அடைப்புகளில் 2x²-ஐ எடுத்தாக வேண்டும். எந்த r அடைப்புகள் என்பதை ⁹Cᵣ வழிகளில் தேர்ந்தெடுக்கலாம். பாடப்புத்தகம் 'பொது உறுப்பு' என்று தரும் சூத்திரத்தில் இருப்பது இவ்வளவுதான். செய்யுள் அடியில் ஒவ்வோர் இடத்திலும் குறிலா நெடிலா என்று தேர்ந்து எண்ணுவதும் இதே கேள்விதான். பிங்கலரின் சந்த சாத்திரத்துக்கு 10ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர், அதற்காகவே 'மேரு பிரஸ்தாரம்' என்ற எண் முக்கோணத்தை விளக்கினார். பிற்காலத்தில் பாஸ்கல் முக்கோணம் என்று பெயர் பெற்றது அதே முக்கோணம்தான்.

இனி x-இன் அடுக்கை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு 2x²-உம் அடுக்கில் 2-ஐக் கூட்டும். ஒவ்வொரு 1/x-உம் 1-ஐக் குறைக்கும். ஆக மொத்த அடுக்கு:

2(9 − r) − r = 18 − 3r

r-க்கு 0 முதல் 9 வரை மதிப்புத் தந்தால் அடுக்குகள் 18, 15, 12, 9, 6, 3, 0, −3, −6, −9 என்று மூன்று மூன்றாக இறங்கும். இந்த விரிவில் வரக்கூடிய அடுக்குகள் இவை பத்தும்தான். x³ இருக்கிறது, மாறிலியும் இருக்கிறது, x⁴ கிடையாது.

(அ) பிரிவுக்கு 18 − 3r = 3. எனவே r = 5. ⁹C₅-உம் ⁹C₄-உம் ஒன்றே, மதிப்பு 126. மீதி நான்கு அடைப்புகளிலிருந்து 2⁴ = 16 வரும். (−1)⁵ = −1. மூன்றையும் பெருக்கினால் கெழு −2016.

(ஆ) பிரிவுக்கு 18 − 3r = 0. எனவே r = 6. ⁹C₆ = 84, 2³ = 8, (−1)⁶ = 1. மாறிலி உறுப்பு 672.

இப்போது படத்துக்கு வருவோம். வெளி அடுக்கு 8 என்று படித்திருந்தால் மொத்த அடுக்கு 16 − 3r ஆகும். அது 3 ஆக வேண்டுமானால் r = 13/3. நாலேகால் அடைப்பு, நாலரை அடைப்பு என்று எதையும் எடுக்க முடியாது. R முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே 8 என்ற வாசிப்பு பொருந்தாது. உள் அடுக்கை 3 என்று படித்து வெளி அடுக்கை 9 என்றே வைத்தால் 27 − 4r கிடைக்கும். x³-க்கு r = 6 என்று ஒழுங்காக வந்துவிடும்; இங்கேதான் ஏமாறுவோம். ஆனால் மாறிலிக்கு r = 27/4 என்று வந்து நின்றுவிடும். உள்ளே 3, வெளியே 8 என்றால் 24 − 4r; மாறிலிக்கு r = 6 கிடைக்கும், x³-க்குக் கிடைக்காது. இரண்டு பிரிவுக்கும் முழு எண் தருவது 2, 9 என்ற வாசிப்பு மட்டுமே. கேள்வியின் எல்லாப் பிரிவுகளையும் சேர்த்துப் படமெடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

இந்தச் சோதனைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது, சில கணக்குகள் வேண்டுமென்றே இல்லாத உறுப்பைக் கேட்கும். "x⁴ உள்ள உறுப்பு இல்லை எனக் காட்டுக" என்றிருந்தால், r பின்னமாக வருவதே விடை. அதனால் கேள்வியின் கடைசிச் சொல் 'காண்க'வா 'காட்டுக'வா என்று பார்த்த பிறகே அச்செழுத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, x-க்கு முன்னால் நிற்கும் எண்ணையும் நடுவிலுள்ள குறியையும் இது காட்டிக்கொடுக்காது. 2x²-ஐ 3x² என்று தவறாகப் படித்தாலும் அடுக்குகள் மாறுவதில்லை; r = 5 என்றே வரும். அதற்குப் புத்தகத்தின் பின்பக்க விடை உதவும். அங்கே −2016 என்றிருந்தால் அதை 126-ஆல் வகுத்துப் பாருங்கள், −16 கிடைக்கும். 16 என்பது 2⁴; ஆக முன்னெண் 2. விடையில் கழித்தல் குறி இருப்பதால் நடுவிலுள்ள குறியும் கழித்தல். முன்னெண் 3 ஆக இருந்திருந்தால் 81 கிடைத்திருக்கும்.

படம் தெளிவாகவே இருந்தாலும் இந்தக் கணக்கில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள் மூன்று. 2x²-ஐ நான்காம் அடுக்குக்கு உயர்த்தும்போது x-ஐ மட்டும் உயர்த்தி, 2-ஐ அப்படியே விட்டுவிடுவது ஒன்று. அப்போது விடை −252 என்று வரும். −1/x-இன் கழித்தல் குறியைத் தொலைத்துவிட்டு 2016 என்று எழுதுவது இன்னொன்று. மூன்றாவது, எண்ணிக்கையில் ஒன்று பிசகுவது: r பூச்சியத்திலிருந்து தொடங்குவதால் r = 5 தருவது ஆறாவது உறுப்பு. "ஐந்தாவது உறுப்பைக் காண்க" என்று கேட்டால் r = 4; அந்த உறுப்பு 4032x⁶.

கேள்வி எதைக் கேட்கிறது என்பதிலும் கவனம் வேண்டும். உறுப்பைக் கேட்டால் −2016x³ என்று x-உடன் எழுத வேண்டும். கெழுவைக் கேட்டால் −2016 மட்டும் போதும்.

அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் கைக்கு வந்தால், ⁹C₅-ஐப் பெருக்கத் தொடங்கும் முன் மொத்த அடுக்கை ஒரு வரியில் எழுதி, r முழு எண்ணாக வருகிறதா, அது 0-க்கும் வெளி அடுக்குக்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கணக்கை மேலே தொடராதீர்கள். அனுப்பியவரிடம் அந்த வரியை மட்டும் கிட்டத்தில் வைத்து, பக்கத்தைச் சமமாக விரித்து, மறுபடியும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.