டிடி போனது... எம்ஓடி போனதா?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் கைமாறும் ஃபிளாட்டுகள் பலவற்றின் பத்திரம் உரிமையாளரின் பீரோவில் இருப்பதில்லை. கடன் கொடுத்த வங்கியின் பெட்டகத்தில் இருக்கிறது. வாங்குபவரின் வங்கி அந்தக் கடனை அடைத்தால்தான் பத்திரம் வெளியே வரும். “பேங்குக்கு பேங்க் டிடி சார், உங்களுக்கு என்ன கவலை?” என்பார் புரோக்கர். கவலையே அந்த டிடிதான்.

மயிலாப்பூரில் 95 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். விற்பவரின் வங்கி 5-ம் தேதி தந்த ஃபோர்குளோஷர் கடிதத்தில் பாக்கி 31,42,600 ரூபாய். அதன் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருக்கும்: அதற்குப் பிறகு நாளொன்றுக்கு வட்டி 740 ரூபாய். வாங்குபவரின் வங்கி மேல் வரியை மட்டும் பார்த்து டிடி எடுக்கிறது. வக்கீல் கையெழுத்து, மேனேஜர் விடுமுறை என்று இழுத்து 13-ம் தேதிதான் டிடி போய்ச் சேர்கிறது. எட்டு நாள் வட்டி 5,920 ரூபாய் குறைகிறது. முப்பத்தோரு லட்சம் போன பிறகும் கடன் உயிரோடு இருக்கும். பத்திரம் பெட்டகத்திலேயே இருக்கும். டிடி போய்ச் சேரும் நாளுக்கு மூன்று நான்கு நாள் தள்ளிக் கணக்குப் போட்டுக் கடிதம் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. மிஞ்சுவதை வங்கி விற்பவருக்குத் திருப்பித் தந்துவிடும்.

அடுத்து, டிடி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். விற்பவரின் பெயரில் இருந்தால் அது அவருடைய சேமிப்புக் கணக்குக்குப் போய்விடும். வங்கியின் பெயர், வீட்டுக்கடன் கணக்கு எண், கடன்தாரர் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். எண்ணைக் கடிதத்தோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டு, டிடியைப் படம் எடுத்துக்கொண்டு, முத்திரை வைத்த ரசீது வாங்குங்கள்.

சில வீட்டுக்கடன்கள் ஓவர்டிராஃப்ட் வகையைச் சேர்ந்தவை. அதில் பணம் கட்டினால் பாக்கி பூஜ்யமாகும்; ஆனால் லிமிட் அப்படியே இருக்கும், கட்டிய பணத்தைக் கடன்தாரர் மறுபடி எடுக்கவும் முடியும். ஆகவே பாக்கி இல்லை என்று காட்டும் ஸ்டேட்மென்ட் போதாது. கணக்கு மூடப்பட்டது, இதே வீட்டின் மேல் டாப்-அப் உட்பட வேறு கடன் எதுவும் இல்லை என்று எழுதிய கடிதம் வேண்டும்.

கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் தந்து, பதிவான பொறுப்பையும் நீக்க வேண்டும். வங்கியின் தாமதத்துக்கு நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் அந்த இழப்பீடு போவது கடன்தாரருக்கு, வாங்குபவருக்கு அல்ல. ஆவணங்களும் கடன்தாரர் கையில்தான் தரப்படும். அன்று வாங்குபவரின் வங்கி ஆளும் கூட இருந்து, ஆவணப் பட்டியலை வைத்து பிரிக்கப்படாத பாகத்தின் கிரயப் பத்திரம், கட்டுமான ஒப்பந்தம், தாய்ப் பத்திரம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது. “நாளைக்குக் கொண்டு வரேன்” என்று வீட்டுக்கு எடுத்துப் போகவிடக் கூடாது.

இவ்வளவும் நடந்த பிறகும் ஒரு பாக்கி இருக்கிறது. கடன் வாங்கியபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடி பதிவாகியிருந்தால், க்ளோஷர் லெட்டர் அதை அழிக்காது. வங்கியின் அதிகாரம் பெற்ற அதிகாரி வந்து ரசீது ஆவணம் பதிய வேண்டும். அதுவரை வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் அப்படியே நிற்கும். பத்திரம் கைக்கு வந்த மகிழ்ச்சியில் இதை விட்டுவிடுபவர்கள், பத்து வருடம் கழித்து விற்கப் போகும்போது, மூடப்பட்டுப்போன கிளையின் வாரிசைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

“எங்கள் பேனல் வக்கீல் எல்லாம் பார்த்துவிடுவார்” என்கிறார்கள் வங்கித் தரப்பில். பார்ப்பார்தான். ஆனால் அவருடைய கருத்துரை பெரும்பாலும் பணம் போவதற்கு முன் எழுதப்படுவது. டிடி போன பிறகு நடப்பதைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்.

அதற்கு ஒரே ஒரு சோதனை போதும். ரசீது பதிந்த பிறகு புதிதாக வில்லங்கச் சான்று எடுங்கள். ரசீதுக்கான பதிவில் ‘முந்தைய ஆவண எண்’ என்ற கட்டத்தில் உள்ள எண்ணும் வருடமும், மேலே எம்ஓடி பதிவான எண்ணும் வருடமும் ஒன்றா என்று பாருங்கள். டாப்-அப் கடனுக்காக இரண்டாவது எம்ஓடி இருந்தால் அதற்கும் ரசீது தேவை. விற்பவருக்கான மீதித் தொகையின் டிடியை, அந்த எண்கள் பொருந்தும்வரை பையிலேயே வைத்திருங்கள்.